நஹானியை மூடிய பெஞ்சு: செம்பூர் பால்கனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை செம்பூரில் 1980களில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். நான்காம் மாடியில் மேற்கு பார்த்த பால்கனி. நீளம் 8 அடி, அகலம் 3½ அடி. அங்கே குடியிருப்பது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம்: எழுபதைக் கடந்த பெரியவர், மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன். ஊர் வீட்டுத் திண்ணை மாதிரி மாலையில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது பெரியவரின் ஆசை.

அந்த ஆசைக்காக 2022 மார்ச்சில் வேறொருவரை வைத்துக் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய் செலவில் ஒரு பெஞ்சு செய்திருந்தார்கள். கம்பிக் கைப்பிடியை ஒட்டியும் வடக்குச் சுவரை ஒட்டியும் 'ட' வடிவத்தில் மரைன் பிளைவுட் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கலாம். மேலே மூன்று அங்குல மெத்தை, பக்கத்தில் மூங்கில் சிக் திரை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் எல்லாரும் பாராட்டினார்கள். ஜூலை நடுவில் மூடி உப்பி மூடமுடியாமல் போனது. மெத்தையில் கறுப்புப் பூஞ்சை. ஆகஸ்டில் மூன்றாம் மாடி வீட்டுக்காரர், தன் பால்கனிக் கூரையில் ஈரக்கறை படர்ந்திருக்கும் படத்தைச் சொசைட்டி செயலாளருக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வீட்டு உள்வேலைகளைச் சின்ன அளவில் எடுத்துச் செய்பவன். மேற்பார்வை என்னுடையது, கைவேலை மேஸ்திரியும் தச்சரும் செய்வது.

முதல் பார்வையில் கண்டவை

பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. பால்கனித் தண்ணீர் வெளியேற வடமேற்கு மூலையில் ஒரே ஒரு நஹானி டிராப், அதாவது தரையோடு பதித்த வடிகால் வாய். அதன் மேலேயே பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் சல்லடை மூடியான ஜாலியைத் துடைக்க வேண்டுமானால் பெட்டிக்குள் கையை விட்டு, சாமானை எல்லாம் எடுத்து, அடிப்பலகையில் வெட்டிய ஓட்டை வழியாகத் துழாவ வேண்டும். ஒருவரும் துழாவவில்லை. துளசித் தொட்டி மண்ணும் வேப்பிலையும் சேர்ந்து ஜாலி மேல் அப்பளம் மாதிரிப் படிந்திருந்தன.

இரண்டாவது, பெட்டி ஆடாமல் இருக்க அடியில் இரும்பு ஆங்கிள் வைத்து, தரை ஓடுகளைத் துளைத்து ஆறு போல்ட் போட்டிருந்தார்கள். துளை ஓடுகளையும் அவற்றின் கீழ்க் கலவையையும் தாண்டிப் பழைய நீர்த்தடுப்புப் பூச்சு வரை இறங்கியிருந்தது. மேலே தேங்கிய தண்ணீருக்கு ஆறு வழி. கீழ்வீட்டுக் கூரையில் கறை ஆரம்பித்த இடமும் இந்தத் துளைகளுக்கு நேர் கீழேதான்.

மூன்றாவதை யாரும் பிரச்சினையாகவே நினைத்திருக்கவில்லை. கைப்பிடி தரையிலிருந்து 41 அங்குலம். குறைந்தது 1 மீட்டர் என்ற பொது விதிக்குச் சற்றே மேல். ஆனால் அதை ஒட்டி 17 அங்குல உயரத்தில் பெஞ்சு வைத்தபின், பெஞ்சின் மேல் நிற்பவருக்குக் கைப்பிடி 24 அங்குலம்தான். நான் அங்கே இருந்தபோதே பேரன் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கைப்பிடி அவன் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இதற்காகவே அந்தப் பெஞ்சை அன்றே எடுத்திருப்பேன்.

காத்திருந்து கவனித்தது

மழை நடக்கும்போது நீர்த்தடுப்பு வேலை செய்ய முடியாது. கலவை காயாது, பூச்சு ஒட்டாது. ஆகவே பெட்டியை மட்டும் அகற்றி, ஆறு துளைகளையும் தற்காலிகமாகச் சீலன்ட் வைத்து அடைத்துவிட்டு, மீதிப் பருவத்தைக் கவனிப்பதற்கு வைத்துக்கொண்டோம். மும்பையில் ஜூலையில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். பருவக்காற்று தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருவதால் மேற்குப் பால்கனிக்கு மழை நேராக விழாது, சாய்ந்து உள்ளே வரும். எவ்வளவு உள்ளே வருகிறது என்பது தெரியாமல் பெஞ்சை எங்கே போடுவது?

மருமகளிடம் ஒரு சாக்பீஸ் பெட்டியைக் கொடுத்து, ஒவ்வொரு மழையும் விட்டதும் தரையில் ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அதற்குச் சற்று உள்ளே கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை பதினொரு மழைக்குக் கோடு போட்டார். எட்டு மழையில் ஈரம் கைப்பிடியிலிருந்து 24 அங்குலத்துக்குள் நின்றுவிட்டது. மூன்றில் ஹால் சுவர் வரை நனைந்திருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவிய தகவல் இதுதான். செலவு பத்து ரூபாய்.

அதோடு ஒரு வாளித் தண்ணீர்ச் சோதனையும் செய்தோம். மழை இல்லாத நாளில் கதவோரம் மெதுவாக ஒரு வாளி ஊற்றி, அரைமணி நேரம் கழித்து எங்கே குட்டை நிற்கிறது என்று பார்த்தோம். குட்டை நஹானிப் பக்கம் இல்லை, கதவுக்கு இரண்டடி வடக்கே சுவரோரமாக நின்றது. ட்யூப் லெவல் வைத்துப் பார்த்ததில் அந்த இடம் நஹானி வாயைவிட 5 மில்லிமீட்டர் பள்ளம். பெட்டி வருவதற்கு முன்பே தரையின் வாட்டம் கெட்டுப்போயிருந்தது. முன்பு வேலை செய்தவர் மேல் மட்டும் பழி போட முடியாது.

வெயிலை அக்டோபரில் பார்த்தோம். மேற்குப் பால்கனிக்கு மேலே எவ்வளவு கூரை இருந்தாலும் பயன் குறைவு என்பதை வீட்டாருக்குப் புரியவைக்க ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மே மாதம் மாலை ஐந்து மணிக்கு இங்கே சூரியன் தொடுவானிலிருந்து முப்பது பாகைக்கும் கீழே இருக்கும். மேல்மாடிப் பால்கனியின் அடித்தளம் 9 அடி உயரத்தில், 3½ அடி வெளியே நீண்டிருக்கிறது. அந்தக் கோணத்தில் வரும் வெயிலுக்கு அது சுவரின் மேல்பகுதியில் 2 அடிக்கும் குறைவாகத்தான் நிழல் தரும். உட்காருபவர் முகத்தில் முழு வெயில். நிழல் மேலிருந்து வராது, முன்னால் செங்குத்தாகத் தொங்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கண்ணாடி போட்டு மூடிவிடலாமே என்று மகன் கேட்டார். பால்கனியை மூடுவது மாநகராட்சி அனுமதியும் சொசைட்டி ஒப்புதலும் சம்பந்தப்பட்டது. சொசைட்டி முன்பே ஒருவருக்கு மறுத்திருக்கிறது. அது போகட்டும், மேற்குப் பக்கம் மூடிய கண்ணாடி மே மாதத்தில் அடுப்புதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் திரையையும் யோசித்தோம். வெயிலில் ஓரிரு வருடத்தில் மஞ்சளாகி விறைத்துப்போகும். மழைநாளில் இறக்கிவிட்டால் காற்று நின்று, உள்ளே இருக்கும் ஈரமும் போகாது. ஆகவே மழையைத் தடுக்கும் எண்ணத்தையே விட்டோம். மழை உள்ளே வரும், நனையும். நனைந்தது எவ்வளவு சீக்கிரம் வடிந்து காய்கிறது என்பதை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்தோம். பெரியவருக்கு இது உடனே பிடித்தது. "திண்ணையும் நனையத்தானே செய்யும் தம்பி, துடைச்சிட்டு உக்காருவோம்" என்றார்.

தரை. மேஸ்திரி முதலில் சொன்னது பிரிக் பேட் கோபா, அதாவது செங்கல் துண்டுகளை அடுக்கிக் கலவை ஊற்றும் மொட்டை மாடி முறை. இந்த ஊரில் நம்பகமான முறைதான். ஆனால் நான்கு அங்குல கோபா ஒரு சதுர அடிக்குப் பதினெட்டு கிலோ வரும். 28 சதுர அடிக்கு ஏறத்தாழ அரை டன். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் நாற்பது வருடப் பழைய பால்கனித் தளத்தின் மேல் அதை ஏற்ற எனக்குத் துணிவில்லை. போதாததற்குத் தரை உயர்ந்து ஹால் நிலைப்படிக்குச் சமமாகிவிடும். எனவே பழைய ஓடுகளையும் அவற்றின் கீழ்க் கலவையையும் எடுத்துவிட்டு, அதே கனத்துக்குள் புதிய வாட்டத்தை அமைப்பது என்று முடிவானது. மெயின் கம்பி இத்தகைய தளத்தில் மேல்புறத்தில் இருக்கும் என்பதால் உடைக்கும்போது கனமான மெஷின் கூடாது, உளியும் சுத்தியும் மட்டும் என்று நிபந்தனை வைத்தேன்.

பெஞ்சின் இடத்தைச் சாக்பீஸ் கோடே தீர்மானித்தது. ஹால் சுவரை ஒட்டி, கதவுக்கு வடக்கே, 4½ அடி நீளம், 17 அங்குல அகலம். கைப்பிடிக்கும் பெஞ்சுக்கும் நடுவே 25 அங்குலம் கிடைக்கிறது. சாதாரண மழை பெஞ்சைத் தொடாது, நஹானி மூலை திறந்து கிடக்கும், பேரன் ஏறி நின்றாலும் கைப்பிடியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பான். ஒரே இடமாற்றத்தில் மூன்று சிக்கலும் தீர்ந்தன. கால் நீட்டி உட்கார முடியாது என்பது உண்மை.

செய்த வேலை

நவம்பரில் தரையை உடைத்தோம். தளத்தைக் கழுவி, விரிசல்களைத் திறந்து அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலை முழுக்கக் கலவையை உருட்டி வைத்தோம். இங்குள்ள மேஸ்திரிகள் அதை வாட்டா என்பார்கள். செங்குத்து மூலையில் பூசிய பூச்சு அந்த மடிப்பில்தான் முதலில் கிழியும். உருட்டிவிட்டால் கிழியாது. அதன் மேல் சிமென்ட்டுடன் பாலிமர் கலந்த பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் 9 அங்குலம் வரை ஏற்றியும், நஹானி வாய்க்குள் இறக்கியும் பூசினோம். நஹானி வாயில் பூச்சை விளிம்போடு நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. தண்ணீர் ஓட்டுக்குக் கீழே ஊர்ந்து வந்து சேரும் இடமே அந்த விளிம்புதான்.

பூச்சு காய்ந்தபின் நஹானியை அடைத்துத் தண்ணீர் கட்டினோம். மூலையில் 2 அங்குலம், கதவோரம் முக்கால் அங்குலம், 48 மணி நேரம். கீழ்வீட்டுக்காரரை அழைத்து அவர் கூரையில் பென்சிலால் கறையின் எல்லையை வரையச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஓடு பதித்தோம். கதவிலிருந்து கைப்பிடிக்கு 12 மில்லிமீட்டர், தெற்கிலிருந்து வடக்கே நஹானிக்கு 20 மில்லிமீட்டர் வாட்டம். வழுக்காத ஓடு, இடைவெளிகளில் எபாக்சி. வாளிச் சோதனையை மறுபடி செய்தபோது பத்து நிமிடத்தில் தரையில் குட்டை எதுவும் இல்லை.

பெஞ்சின் சட்டம் 40 மில்லிமீட்டர் சதுர அலுமினியக் குழாய், பவுடர் கோட் அடித்தது. செம்பூருக்குக் கழிமுகம் பக்கம் என்பதால் காற்றில் உப்பு உண்டு. சாதாரண இரும்பு இரண்டு மழையில் துரு வடியும். ஒவ்வொரு காலின் அடியிலும் 6 மில்லிமீட்டர் துளை போட்டோம், குழாய்க்குள் போன தண்ணீர் வெளியே வரவேண்டுமே. நைலான் பாதங்கள். தரையிலோ சுவரிலோ ஒரு துளைகூட இல்லை. இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிட்டுத் தரையைக் கழுவலாம்.

உட்காரும் பலகைக்கு இடித்த பழைய கட்டடத்துத் தேக்கு வாங்கினோம். மும்பையில் இது கிடைப்பது ஒரு வசதி. பழைய கதவு நிலைகளிலிருந்து வரும் மரம் பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கியது, புது மரம் போல முறுக்கிக்கொள்வது குறைவு. இரண்டரை அங்குல அகலத்தில் ரீப்பராக அறுத்து, இடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். வார்னிஷ் வேண்டாம் என்றேன். வெயிலில் அது வெடித்து, வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய்ப் படலத்துக்கு அடியில் அடைபட்டுவிடும். எண்ணெய் மட்டும் ஊறவைத்தோம். அறுத்த முனைகளுக்கு மூன்று தடவை, ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான்.

மெத்தை விஷயத்தில் வாக்குவாதம் நடந்தது. மருமகளுக்கு மெத்தை வேண்டும். தண்ணீர் நிற்காத பெரிய கண் ஃபோம் இருக்கிறது, ஆனால் சாதாரண ஃபோமைவிடப் பல மடங்கு விலை. கடைசியில் பெரியவர் உள்ளே போய்க் கல்யாண வீட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பாயை எடுத்துவந்து நான்காக மடித்துப் போட்டார். உட்கார்ந்து பார்த்தோம், போதும் என்றாகிவிட்டது. நனைந்தால் உதறிக் கொடியில் போடலாம். கோரைப்பாய் இதைவிடச் சுகம், ஆனால் ஜூலையில் மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

நிழலுக்கு 75 சதவீத ஷேட் நெட், கரும்பச்சை. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பிவிடும்தான், ஆனால் மாலை வெயிலில் வலையே வெளுத்து மின்னிக் கண்ணைக் கூசும், வெளியே எதுவும் தெரியாது. இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவே ஓர் அலுமினியக் குழாயைப் பொருத்தி, அதிலிருந்து கைப்பிடியின் உள்பக்கமாகத் தொங்கவிட்டோம். வெளிமுகத் தோற்றம் மாறவில்லை என்பதால் சொசைட்டி ஆட்சேபிக்கவில்லை.

பின் நடந்தவை

2023 மே மாதம் ஒரு மாலை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவரின் வெப்பமானியை இரவல் வாங்கி மரத்தின் சூட்டை அளந்தேன். நான்கு மணிக்கு வலை இல்லாமல் 51 டிகிரி, வலையை இறக்கி ஒரு மணி நேரம் கழித்து 38. இந்த வித்தியாசத்தில் சூரியன் இறங்கியதன் பங்கும் கொஞ்சம் உண்டு. எப்படியோ, பெரியவர் ஐந்து மணிக் காபியை வெளியே குடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஜூனில் முதல் தவறு வெளிப்பட்டது. வலையின் கீழ் முனையைக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டியிருந்தோம். முதல் காற்று மழையிலேயே வலை கப்பல் பாய் மாதிரி உப்பி, மூன்று வளையங்களைப் பிய்த்துக்கொண்டது. வலை வெயிலுக்கு மட்டும், மழைக்காலத்தில் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டாவது தவறு பெரியது. ஜூலையில் ஒரு ராத்திரி மேலே எங்கிருந்தோ பறந்து வந்த பிளாஸ்டிக் பை நஹானி வாயை மூடிக்கொண்டது. காலையில் மருமகள் கதவைத் திறந்தபோது தண்ணீர் நிலைப்படிக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. நல்லவேளை, பை கண்ணுக்குத் தெரிந்தது, கையால் எடுத்தார், பத்து நிமிடத்தில் வடிந்தது. பெட்டி இருந்த காலமாக இருந்தால் ஹாலுக்குள் வந்திருக்கும். ஆனால் நான் போய் அளந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பால்கனியின் வெளியோரத்தில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் சிமென்ட் கட்டை, ஹால் நிலைப்படியைவிட ஓர் அங்குலம் உயரம். அதாவது நஹானி அடைபட்டால் தண்ணீர் வெளியே வழிவதற்கு முன் வீட்டுக்குள்தான் வரும். ஒவ்வொரு அளவையும் எடுத்தவன், இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை.

மழை விட்ட ஒரு வாரத்தில் அந்தக் கட்டையில் ஓர் அங்குல பிவிசி குழாயை, நிலைப்படி மட்டத்துக்கு 1½ அங்குலம் கீழே, வெளியே இரண்டு அங்குலம் நீட்டி வைத்துச் சுற்றிலும் அடைத்தோம். வழக்கமான மழையில் அதில் தண்ணீர் வராது. வந்தால் நஹானி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்: சொட்டினால் சண்டைக்கு வராமல் ஒரு போன் போடுங்கள் என்று.

மூன்றாவது சின்னது. ஆகஸ்டில் ஒரு ரீப்பரில் இரண்டு திருகுகளைச் சுற்றி மட்டும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. தேக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை. எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தான் வாங்கினோம்; கடைசியில் இரண்டு குறைந்ததும் தச்சர் தன் பையிலிருந்து இரும்புத் திருகு போட்டிருக்கிறார். மாற்றினோம். கறை இன்னும் இருக்கிறது.

ஹால் சுவர் வரை நனையும் பெருமழைக்குப் பிறகு பெஞ்சு காய்வதற்கு, வெயில் இல்லாத நாட்களில் மறுநாள் பிற்பகல்கூட ஆகிறது. அதுவரை யாரும் உட்காருவதில்லை. ஜூலையில் மாதத்தில் பாதி நாள் அந்த இடம் பயனில் இல்லை என்று மருமகள் சொன்னார். ஆனால் 2023லும் 2024லும் மழை முடிந்து போய்ப் பார்த்தபோது ரீப்பர் வளையவில்லை, பூஞ்சை இல்லை. தேக்கு சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். கீழ்வீட்டுக் கூரை முதல் வருட டிசம்பரில் முழுக்கக் காய்ந்தபின் பெயின்ட் அடித்தார்கள், கறை திரும்பவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

வழிவுக் குழாயை ஓடு பதிக்கும் முன்பே வைப்பேன். பின்னால் கட்டையைத் துளைத்ததில் நீர்த்தடுப்புப் பூச்சை ஓரிடத்தில் வெட்டி, மறுபடி ஒட்டவேண்டி வந்தது. அந்த ஒட்டு எத்தனை வருடம் தாங்கும் என்பதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. வருடா வருடம் மே மாதத்தில் அதை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வலையின் கீழ் முனைக்குக் கயிற்றுக்குப் பதில் இப்போது சைக்கிள் ட்யூப் துண்டுகள்; காற்றுக்கு இழுபட்டுத் திரும்புகின்றன. இதை முதலிலேயே செய்திருக்கலாம். திருகுகளைத் தேவைக்குப் பத்து அதிகமாக வாங்கித் தச்சர் கையில் கொடுத்திருப்பேன்.

பெஞ்சின் உயரத்தையும் மாற்றுவேன். பழைய பெட்டியின் 17 அங்குலத்தையே யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். முட்டி வலி உள்ளவருக்கு அதிலிருந்து எழுவது சிரமம். இப்போது நைலான் பாதங்களின் திருகை முழுக்க வெளியே எடுத்து 18 அங்குலம் ஆக்கியிருக்கிறோம். பெரியவர் கைப்பிடியை எட்டிப் பிடிக்காமலே எழுந்துகொள்கிறார். பேரனுக்குத்தான் கால் தரையில் எட்டுவதில்லை.